பங்குச் சந்தைக்குப் போகும் முன் வீட்டின் மருத்துவக் காப்பைக் கணக்கிடுவது: வன்னிக் குடும்பத்துக்கான வழிகாட்டி

கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் இப்போது பங்குச் சந்தையைப் பற்றிப் பேசுபவர்கள் கூடியிருக்கிறார்கள். நிலையான வைப்பின் வட்டி இறங்கும்போது, கையில் ஐந்தாறு இலட்சம் வைத்திருப்பவர் அடுத்த வழியைத் தேடுவது இயல்புதான். தரகரும் அலகு நம்பிக்கை நிதிய முகவரும் வருமானம் எவ்வளவு, எவ்வளவு காலம் விட்டுவைப்பீர்கள் என்று கேட்பார்கள். வீட்டில் யாராவது படுத்தால் அந்தச் செலவு எங்கிருந்து வரும் என்று அவர்கள் கேட்பதில்லை. அதை நாமேதான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இந்தக் கேள்விக்கு இங்கே வழக்கமாக வரும் பதில்கள் மூன்று. ஆஸ்பத்திரி இலவசம்தானே என்பது ஒன்று. வேலை செய்யும் இடத்தில் காப்புறுதி இருக்கிறது, மனைவிக்கு அரச ஊழியருக்கான அக்ரஹார காப்புறுதி இருக்கிறது என்பது இரண்டாவது. வெளிநாட்டில் அண்ணா இருக்கிறார் என்பது மூன்றாவது. மூன்றிலும் உண்மை உண்டு, மூன்றிலும் ஓட்டையும் உண்டு. அந்த ஓட்டை எவ்வளவு பெரியது என்று ரூபாயில் கண்டுபிடிப்பதற்கே இந்த வழிகாட்டி. ஒரு பிற்பகலும், வீட்டிலுள்ள எல்லாக் காப்புறுதிப் பத்திரங்களும், ஒரு கொப்பியும் போதும்.

முதலில் ஆட்களை எழுதுங்கள்

பெரும்பாலானோர் பத்திரங்களை எண்ணுகிறார்கள். "எங்களிடம் இரண்டு காப்புறுதி இருக்கிறது" என்கிறார்கள். எண்ண வேண்டியது ஆட்களை. வீட்டுச் செலவில் வாழும் ஒவ்வொருவரின் பெயரையும் ஒரு வரியில் எழுதுங்கள். தனியே கிராமத்தில் இருந்தாலும் நோய் வந்தால் உங்களிடமே வரப்போகும் அம்மா, அப்பா, மாமியாரும் அந்தப் பட்டியலில் இருக்க வேண்டும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே வயது, ஏற்கெனவே உள்ள நோய், எந்தப் பத்திரத்தில் பெயர் இருக்கிறது, அந்தக் காப்பு எந்த நாளில் முடிகிறது என்று எழுதுங்கள்.

நான்காவது விபரத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். வன்னியில் அது மிக முக்கியம். கண்ணிவெடி அகற்றும் நிறுவனங்களிலும் அரச சார்பற்ற நிறுவனங்களிலும் வேலை செய்பவர்களுக்குக் குழுக் காப்புறுதி உண்டு. ஆனால் அது ஒப்பந்தத்தோடு வருகிறது, ஒப்பந்தத்தோடு போகிறது. செயற்றிட்டம் முடிந்த மறுநாள் மனைவியும் பிள்ளைகளும் சேர்ந்தே காப்பிலிருந்து வெளியேறுகிறார்கள். அந்த இடைவெளியில் புதிதாக ஒரு பத்திரம் வாங்கினால், இடையில் வந்த சர்க்கரையும் அழுத்தமும் அங்கே "முன்பே இருந்த நோய்" ஆகிவிடும்.

கணக்கை ஒரு குடும்பத்தை வைத்துச் செய்து பார்ப்போம். இது விளக்கத்துக்காக அமைத்த குடும்பம். தொகைகளும் உதாரணங்களே. உங்கள் கணக்கில் நீங்கள் விசாரித்து அறிந்த தொகைகளை இடுங்கள்.

கனகபுரத்தில் வாழும் கணவருக்கு வயது 38, கண்ணிவெடி அகற்றும் பணியில் ஆண்டு ஒப்பந்தம். மனைவிக்கு 35, அரச பாடசாலை ஆசிரியை. ஒன்பதும் ஐந்தும் வயதான இரண்டு பிள்ளைகள். கணவரின் அம்மாவுக்கு 63, பத்து ஆண்டுகளாகச் சர்க்கரையும் அழுத்தமும். சேமிப்பு 9 இலட்சம். மாதச் செலவு 110,000 ரூபாய், செலவு போக மிச்சம் 35,000. யாழ்ப்பாணம் போய்ப் பங்குக் கணக்கைத் திறந்து 9 இலட்சத்தையும் போடுவதுதான் திட்டம்.

பெயர்களை எழுதியவுடன் ஒரு வரி வெறுமையாக நிற்கிறது. அம்மாவின் பெயர் எதிலும் இல்லை. குழுக் காப்புறுதி மனைவியோடும் பிள்ளைகளோடும் நின்றுவிட்டது. மனைவியின் அக்ரஹாரவும் கணவரையும் பிள்ளைகளையும்தான் உள்ளடக்குகிறது. வீட்டிலேயே நோய்வாய்ப்படும் வாய்ப்பு அதிகமுள்ளவருக்குக் காப்பு எதுவும் இல்லை. நான் பார்த்த வரையில் வன்னியில் மிகப் பொதுவான நிலை இதுதான்.

இலவச வைத்தியசாலை எதைத் தாங்குகிறது

அரச வைத்தியசாலையைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். பத்து இலட்சக் கணக்கில் வரக்கூடிய சிகிச்சையைச் சிட்டை இல்லாமல் செய்துவிடும் அமைப்பு அது. அவசரத்துக்கு 1990 அம்புலன்ஸ் இலவசம். யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையில் இதய சத்திரசிகிச்சையும் நடக்கிறது. காப்புறுதி முகவர் சிலர் இதையெல்லாம் இல்லாதது போலப் பேசி, தேவைக்கு மேலான பத்திரத்தை விற்கிறார்கள். அதற்கும் மயங்க வேண்டாம்.

ஆனால் இலவசச் சிகிச்சைக்குச் சுற்றிலும் செலவு இருக்கிறது. அதை மூன்றாகப் பிரித்துப் பாருங்கள்.

முதலாவது, வைத்தியசாலையில் இல்லாத மருந்து, வெளியே செய்யச் சொல்லும் இரத்தப் பரிசோதனை, ஸ்கான். 2022இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது துண்டு எழுதி வெளியே வாங்கச் சொன்னதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

இரண்டாவது, தூரம். புற்றுநோய்க்குத் தெல்லிப்பழை அல்லது மகரகம. கிளிநொச்சியிலிருந்து கொழும்பு ஏறத்தாழ 330 கிலோமீற்றர். நோயாளி உள்ளே இலவசமாகப் படுத்திருப்பார், துணைக்குப் போனவர் வெளியே அறை எடுக்க வேண்டும், சாப்பிட வேண்டும். வவுனியாவின் சில பகுதிகளில் காரணம் தெரியாத நீண்டகாலச் சிறுநீரக நோய் இருக்கிறது. அந்த நோயாளிக்கு டயலிசிஸ் இலவசம்தான். ஆனால் வாரத்தில் இரண்டு மூன்று நாள் போய்வரும் வாகனக் கூலி ஆயுள் முழுவதும் தொடரும். எந்தக் காப்புறுதியும் இந்த வாகனக் கூலியைத் தருவதாக நான் கண்டதில்லை.

மூன்றாவது, காத்திருப்பு. வரிசையில் முறை வரும்வரை பொறுக்க முடியாது என்று வைத்தியர் சொன்னாலோ, குடும்பம் பயந்துவிட்டாலோ, தனியார் வைத்தியசாலைக்குப் போகிறோம். பெரிய தொகை செலவாவது இங்கேதான்.

ஆகவே இரண்டு வகைத் தொகை தேவை. அரச வைத்தியசாலையிலேயே இருந்தாலும் கையிலிருந்து போகும் பணம் ஒன்று, தனியாருக்குப் போனால் வரும் சிட்டை மற்றொன்று. முதலாவதைக் காப்புறுதி பெரும்பாலும் தாங்காது, ரொக்கம் வேண்டும். இரண்டாவதற்குத்தான் காப்புறுதி.

பத்திரத்தில் எந்தப் பக்கத்தைப் படிப்பது

காப்புறுதிப் பத்திரத்தின் முதல் பக்கங்களை அலங்காரத்துக்கு விட்டுவிடுங்கள். அட்டவணை என்ற பக்கத்தையும், விலக்குகள் என்ற பகுதியையும் எடுங்கள். ஆங்கிலத்தில் மட்டும் இருந்தால் தமிழில் தரும்படி எழுத்தில் கேளுங்கள். கிடைக்கும்வரை, வீட்டில் ஆங்கிலம் தெரிந்த ஒருவரை வைத்து வரிவரியாகப் படியுங்கள். முகவரையே படிக்கச் சொல்ல வேண்டாம்.

அட்டவணையில் பெரிய எழுத்தில் இருப்பது ஆண்டு எல்லை. அது யாருக்கு என்று பாருங்கள். பல குடும்பப் பத்திரங்களில் அந்தத் தொகை எல்லோருக்கும் பொதுவானது. பிள்ளைக்கு டெங்கு வந்து ஒரு பகுதி போனால் மீதிதான் அந்த ஆண்டு மற்றவர்களுக்கு. அதற்குக் கீழே சிறிய எழுத்தில் ஒரு தடவைக்கான எல்லை, அறைக்கு ஒரு நாள் எல்லை, குறித்த சத்திரசிகிச்சைகளுக்கான எல்லை என்று இருக்கும். ஆண்டு எல்லை 3 இலட்சம் என்றாலும் ஒரு தடவைக்கு 2 இலட்சம் என்று இருந்தால், உங்கள் காப்பு 2 இலட்சம்தான். கொப்பியில் அந்தச் சிறிய எண்ணையே எழுதுங்கள்.

ஆயுள் காப்புறுதியோடு ஒட்டி விற்கப்படும் மருத்துவச் சலுகையைத் தனியாகக் கவனியுங்கள். சிலவற்றில் கிடைப்பது வைத்தியசாலையில் தங்கிய ஒவ்வொரு இரவுக்கும் ஒரு நிலையான தொகை மட்டுமே. சிட்டை எவ்வளவு என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. அரச வைத்தியசாலையில் தங்கினாலும் கொடுக்கும் பத்திரம் என்றால் அது வன்னிக்குப் பொருத்தமானது, ஏனெனில் துணைக்கு இருப்பவரின் செலவை அது ஈடுசெய்யும். ஆனால் சத்திரசிகிச்சைச் சிட்டையை அது கட்டாது. இன்னொன்று: ஆயுள் காப்புறுதியின் தவணைப்பணம் கட்டாமல் பத்திரம் காலாவதியானால் மருத்துவச் சலுகையும் கூடவே போய்விடும். விளைச்சல் பிழைத்த போகத்தில் இப்படித் தவணையை விட்ட விவசாயக் குடும்பங்கள் பல.

விலக்குகளில் இரண்டைத் தேடுங்கள். காத்திருப்புக் காலம் ஒன்று. பத்திரம் எடுத்த முதல் சில வாரங்களுக்கு விபத்து தவிர எதற்கும் பணம் கிடையாது என்று பல பத்திரங்கள் சொல்கின்றன. ஹேர்னியா, கண்புரை, கர்ப்பப்பை போன்றவற்றுக்கு அது ஓராண்டோ மேலோ நீளக்கூடும். மற்றொன்று முன்பே இருந்த நோய். விண்ணப்பப் படிவத்தை முகவர் நிரப்பி, "இதில் கையெழுத்துப் போடுங்கள் அக்கா" என்று நீட்டும் வழக்கம் இங்கே உண்டு. கிளினிக் கொப்பியில் ஐந்து ஆண்டு மருந்து எழுதியிருக்க, படிவத்தில் "நோய் இல்லை" என்று குறித்திருந்தால், கோரிக்கை வரும் நாளில் அந்தக் கிளினிக் கொப்பியே உங்களுக்கு எதிராகச் சாட்சி சொல்லும். படிவத்தை நீங்களே நிரப்புங்கள், அல்லது நிரப்பியதைப் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். கையெழுத்திட்ட படிவத்தின் பிரதியை வாங்கி வையுங்கள்.

கோரிக்கைகள் திரும்பி வருவதற்கான காரணங்கள் பெரும்பாலும் அற்பமானவை. அயலில் ஒருவருடைய கோரிக்கை எப்படித் திரும்பியது என்று அவருடைய கடிதக் கட்டைப் பார்த்தேன். மருந்துக் கடைச் சிட்டையில் நோயாளியின் பெயர் இல்லை. வைத்தியரின் துண்டை மருந்துக் கடையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். வைத்தியசாலையை விட்டு வரும்போது கொடுக்கும் நோய் விபர அட்டையின் பிரதி இருந்தது, மூலம் இல்லை. மூன்றும் அன்றைக்கே சரிசெய்திருக்கக்கூடியவை.

சிட்டையை எழுதிக் கழித்துப் பாருங்கள்

இப்போது கனகபுரக் குடும்பத்துக்கு மூன்று சம்பவங்களை எழுதுவோம்.

கணவருக்கு யாழ்ப்பாணத்தில் தனியார் சத்திரசிகிச்சை, சிட்டை 550,000 என்று வைப்போம். குழுக் காப்புறுதி ஒரு தடவைக்கு 200,000 தருகிறது. மீதிக்கு மனைவியின் அக்ரஹாரவில் விண்ணப்பித்து 90,000 கிடைக்கிறது. இரண்டு இடத்திலும் கேட்கலாம். ஆனால் மொத்தச் சிட்டையைவிடக் கூடுதலாக எடுக்க முடியாது. மூலச் சிட்டையை முதல் நிறுவனம் வைத்துக்கொள்வதால், தாங்கள் எவ்வளவு கொடுத்தோம் என்ற கடிதத்தையும் உறுதிப்படுத்திய பிரதிகளையும் அவர்களிடமிருந்து வாங்கி இரண்டாவது இடத்துக்குக் கொடுக்க வேண்டும். ஓட்டை 260,000. இதுவும், பணம் திரும்பி வரும்வரை 550,000ஐயும் நீங்களே முன்னால் கட்டிய பிறகுதான்.

இரண்டாவது சம்பவம் அதே நோய், ஒப்பந்தம் முடிந்த அடுத்த மாதம். குழுக் காப்புறுதி இல்லை. ஓட்டை 460,000. சம்பளமும் இல்லை. இந்த இரண்டாவது எண்ணே இந்தக் குடும்பத்தின் உண்மையான ஓட்டை.

மூன்றாவது, அம்மா. நெஞ்சுவலி வந்து, அரச வைத்தியசாலையில் சிகிச்சை பெற்று, கொழும்புக்கும் போய்வர நேர்ந்தால், சிட்டை இல்லாமலேயே மாதம் 60,000 வீதம் நான்கு மாதத்தில் 240,000 கையிலிருந்து போகும். தனியாரில் பைபாஸ் என்றால் 14 இலட்சம் என்று விசாரித்ததாக வைத்துக்கொள்வோம். அதைத் தாங்க அவர்களிடம் எதுவுமே இல்லை.

இங்கே குடும்பம் ஒன்று கூடிப் பேச வேண்டும், அதுவும் அம்மா சுகமாக இருக்கும்போதே. அரச வைத்தியசாலையிலேயே முறைக்குக் காத்திருப்போமா, தனியாருக்குப் போவோமா? போனால் யார் யார் எவ்வளவு போடுவது? வெளிநாட்டு அண்ணா "பார்ப்போம்" என்று சொன்னால் கணக்கில் பூச்சியம் என்று எழுதுங்கள். "இரண்டு இலட்சம் என்னுடையது" என்று தொகையாகச் சொன்னால் மட்டும் சேருங்கள். ஜனாதிபதி நிதியத்துக்கும் விண்ணப்பிக்கலாம். 2025 முதல் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பத்தை ஏற்கிறார்கள். அது செலவின் ஒரு பகுதிக்கான உதவி, குடும்ப வருமானத்தையும் பார்ப்பார்கள். ஆகவே அதையும் இப்போதே கணக்கில் சேர்க்க வேண்டாம்.

ஓட்டையை எதனால் அடைப்பது

63 வயதில், சர்க்கரையோடு, அம்மாவுக்குப் புதிய பத்திரம் கிடைப்பது கடினம். கிடைத்தாலும் அவருக்கு வரக்கூடிய நோய்களையே விலக்கிவிட்டுத் தருவார்கள். அந்தத் தவணைப்பணத்தை அவர் பெயரில் சேமிப்பதே மேல் என்பது என் கருத்து. கணவன் மனைவிக்கு நிலைமை வேறு. இருவரும் நோயில்லாமல் இருக்கும் இப்போதே, வேலையோடு சம்பந்தமில்லாத சொந்தப் பத்திரம் ஒன்றை எடுக்க வேண்டும். குழுக் காப்புறுதி இருக்கும்போதே எடுப்பதில் ஒரு நன்மை உண்டு: புதிய பத்திரத்தின் காத்திருப்புக் காலம் பழையதன் நிழலில் கழிந்துவிடும். மாதம் 9,000 ரூபாய்க்கு, ஒரு தடவைக்கு 5 இலட்சம் தரும் குடும்பப் பத்திரம் கிடைக்கிறது என்று வைப்போம். இரண்டாவது சம்பவத்தின் ஓட்டை அதோடு மூடுகிறது. மாத மிச்சம் 26,000 ஆகிறது.

ரொக்கம் எவ்வளவு? அம்மாவின் நான்கு மாதச் செலவு 240,000. பணம் திரும்பி வரும்வரை முற்பணம் கட்டவும், பத்திரம் தாங்காத துண்டுகளுக்கும் 160,000. ஆக 4 இலட்சம் மருத்துவத்துக்கென்று தனியாக. ஆண்டு ஒப்பந்தக்காரர் என்பதால் மூன்று மாத வீட்டுச் செலவு 330,000 வேறாக. 9 இலட்சத்தில் மிஞ்சுவது 170,000. சந்தைக்குப் போகக்கூடிய பணம் அவ்வளவுதான், அதுவும் புதிய பத்திரத்தின் முதல் காத்திருப்புக் காலம் முடிந்த பிறகு. ஒன்பதோடு தொடங்கிய கணவருக்கு இது கசக்கும். ஆனால் மாதாந்த மிச்சத்தில் ஒரு பகுதி அதன் பிறகு தொடர்ந்து போகலாம்.

"பங்கை விற்றால் பணம் வந்துவிடுமே, ஏன் சும்மா வைத்திருக்க வேண்டும்" என்று கேட்பவர்களுக்கு 2022ஐ நினைவூட்டுகிறேன். அந்த ஜனவரியில் கொழும்புப் பங்குச் சந்தையின் அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் 13,000ஐத் தாண்டியிருந்தது. சில மாதங்களில் 8,000க்குக் கீழே வந்தது. ஏப்ரலில் ஒரு வாரம் சந்தையையே மூடினார்கள். 2020இல் கொரோனா வந்தபோதும் மார்ச் 20 முதல் மூடிக்கிடந்து, மே 11இல்தான் திரும்பத் திறந்தது. வைத்தியசாலையில் மருந்து இல்லாமல் போன மாதங்களும் சந்தை விழுந்த மாதங்களும் ஒன்றாகவே வந்தன என்பதுதான் கவனிக்க வேண்டியது. நாட்டுக்கு நெருக்கடி வந்தால் இரண்டும் சேர்ந்தே வரும். ஆகவே ஒன்றைக் கொண்டு மற்றதைச் சமாளிக்கலாம் என்று நம்ப முடியாது.

அந்த நான்கு இலட்சத்தை எங்கே வைப்பது

ஒரு இலட்சம் சாதாரண சேமிப்புக் கணக்கில், அட்டையால் எந்த நேரமும் எடுக்கக்கூடியதாக. மீதி மூன்றை ஒரே வைப்பாகப் போடாமல், ஒவ்வொரு இலட்சமாக மூன்று குறுகிய கால வைப்புகளாகப் போடுங்கள். தேவைப்பட்டால் ஒன்றை மட்டும் உடைக்கலாம், மற்ற இரண்டின் வட்டியும் தப்பும்.

கணக்கு யார் பெயரில் என்பதைக் கட்டாயம் பாருங்கள். கணவரின் தனிப்பெயரில் இருந்து, அவரே தீவிர சிகிச்சைப் பிரிவில் படுத்திருந்தால், மனைவி வங்கியின் முன்னால் நின்று எதுவும் செய்ய முடியாது. இருவரில் ஒருவர் கையெழுத்திட்டாலும் எடுக்கக்கூடிய கூட்டுக் கணக்காக மாற்றுங்கள். நகையை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அடகு கடைசி வழியாக இருக்கட்டும், அதற்கு வட்டி உண்டு, மீட்காமல் போன நகைகளின் கதையும் எல்லா வீட்டிலும் உண்டு.

பத்திரத்தைப் புதுப்பிக்கும் மாதம் வரும்போதெல்லாம் கொப்பியைத் திரும்ப எடுங்கள். இரண்டு வைத்தியசாலைகளில் அதே சத்திரசிகிச்சைக்கு இப்போது எவ்வளவு என்று கேளுங்கள். ரூபாய் விழுந்த காலத்தில், முன்பு போதுமென்று எடுத்த தொகை அப்படியே நின்றது, சிட்டை நிற்கவில்லை. ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது என்ற செய்தி கேட்டாலும், வீட்டில் யாருக்காவது புதிதாக மருந்து தொடங்கினாலும், ஆண்டு முடியக் காத்திருக்காமல் கணக்கைப் பாருங்கள். மருத்துவ ரொக்கத்திலிருந்து ஐம்பதாயிரம் எடுத்துவிட்டால், அது நிரம்பும்வரை அந்த மாதங்களின் மிச்சம் பங்குக்குப் போகாமல் அங்கேயே போகட்டும். ஏற்கெனவே வாங்கிய பங்குகளை விற்க வேண்டியதில்லை, புதிதாக வாங்குவதை மட்டும் நிறுத்தினால் போதும்.